டிக்கெட்டில் தெரியாத எண்

சென்னை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அக்கா, வெளியே நான். வழியனுப்ப வந்தவர்கள் அந்தக் கதவைத் தாண்ட முடியாது. இரவு பத்தரை மணி. திருவண்ணாமலையிலிருந்து மதியமே கார் பிடித்து, திண்டிவனம் வழியாக வந்து சேர்ந்த களைப்பில் நான் தூணோரம் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

“தம்பி, பெட்டிக்கு எக்ஸ்ட்ரா காசு கட்டினியா இல்லியா? இங்க கட்டவே இல்லேங்குறாங்க.”

கட்டியிருந்தேன். அக்காவுக்கு 63 வயது. மகளின் பிரசவத்துக்காக சிங்கப்பூர் புறப்பட்டவள். டிக்கெட்டோடு கிடைக்கும் 30 கிலோ அவளுக்குப் போதவில்லை. பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, வறுத்து அரைத்த பருப்புப் பொடி, கேழ்வரகு மாவு, குழந்தைக்கென்று துவைத்துத் துவைத்து மெத்தென்றாக்கிய பழைய பருத்திப் புடவைகள் என்று இரண்டு பெட்டிகளும் சேர்ந்து 38 கிலோ வந்தன. அதற்காக 10 கிலோ கூடுதலாக வாங்கினோம். முழங்கால் மடக்க முடியாதவள் என்பதால் முன்பக்கத்தில் நடைபாதை ஓர இருக்கைக்கும் தனியாகப் பணம் கட்டினோம். இரண்டுக்குமாக 6,200 ரூபாய். எங்கள் ஊர் டிராவல்ஸ் ஒன்றில், என் போனிலிருந்து அனுப்பிய பணம்.

கவுன்டரில் இருந்த பெண்ணின் திரையில் 30 கிலோ என்றுதான் இருந்தது. இருக்கை 31ஆவது வரிசையில், நடுவில். அக்காவின் கையில் டிக்கெட் இருந்தது, அதிலும் 30 கிலோதான். பணம் போனதற்கான வங்கிக் குறுஞ்செய்தி என் போனில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அதை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கவுன்டர் பெண் பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இதுல டிராவல்ஸ் பேருக்குப் பணம் போயிருக்குன்னு மட்டும்தான் இருக்கு. எங்களுக்கு வந்ததுக்கு நம்பர் ஏதாவது இருக்கா?” என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது சரியான கேள்வி. எங்களிடம்தான் பதில் இல்லை. டிராவல்ஸ்காரர் போனை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். அவசரத்துக்கென்று நான் கொடுத்தனுப்பிய பணத்திலிருந்து எட்டுக் கிலோவுக்கு 5,600 ரூபாயை அக்கா மறுபடி கட்டினாள். நடு இருக்கையில் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகக் காலை மடக்கியபடியே போனாள்.

மறுநாள் காலை டிராவல்ஸ் திறந்ததும் போய் நின்றேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அக்காவின் பெயரில் இரண்டு பதின்மூன்று இலக்க எண்கள். ஒன்று இருக்கைக்கு, இன்னொன்று பெட்டிக்கு. இரண்டின் எதிரிலும் OPEN என்று இருந்தது. பணம் விமான நிறுவனத்திடமே இருந்தது, பயன்படுத்தப்படாமல். அதைச் சொல்லும் எண் செங்கம் சாலையில் ஒரு கணினிக்குள் இருந்தது. அது தேவைப்பட்ட கவுன்டர் மீனம்பாக்கத்தில் இருந்தது.

இப்படி நடந்தது எங்கள் வீட்டில் மட்டுமல்ல என்பதை அதற்குப் பிறகு விசாரித்தபோது தெரிந்துகொண்டேன். ஆரணி, போளூர், செங்கம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்வருபவர்கள், ரமணாசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கித் திரும்பும் வெளிநாட்டு அன்பர்கள் என்று பலரும் இதே கதையை வேறு வேறு தொகையோடு சொன்னார்கள். எனவே இதை ஓர் ஊர்ப் பொதுக் காரியமாகவே இங்கே வைக்கிறேன்.

முதலில் அந்த எண் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். விமான டிக்கெட் என்பது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதற்கான சீட்டு. இருக்கைத் தேர்வு, கூடுதல் எடை போன்றவற்றுக்குத் தனியாக வாங்கும் பணம் அந்தச் சீட்டுக்குள் போவதில்லை. அதற்கு வேறொரு ஆவணம் பிறக்கிறது. அதன் பெயர் EMD. பல்வகைக் கட்டணங்களுக்கான மின்னணு ஆவணம் என்று விரித்துக்கொள்ளலாம். காகித டிக்கெட் காலத்தில் இதுவும் ஒரு காகிதச் சீட்டாகவே பயணியின் கையில் இருந்தது. 2008 ஜூன் 1 முதல், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் முடிவுப்படி, முகவர்கள் வழியே விற்கும் டிக்கெட்டுகள் மின்னணுவுக்கு மாறின. அடுத்த சில ஆண்டுகளில் இந்தக் கூடுதல் சீட்டும் காகிதத்தை விட்டுக் கணினிக்குள் போய்விட்டது. டிக்கெட்டையாவது அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள். இந்த இரண்டாவது சீட்டைப் பலர் கண்ணால் பார்ப்பதே இல்லை.

டிக்கெட் எண்ணுக்கும் பதின்மூன்று இலக்கம், இதற்கும் பதின்மூன்று இலக்கம். இரண்டுமே விமான நிறுவனத்தின் மூன்று இலக்க எண்ணில்தான் தொடங்கும். 176 என்றால் எமிரேட்ஸ், 157 என்றால் கத்தார் ஏர்வேஸ். அதனால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடுவது எளிது. ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த PNR என்பது மூன்றாவது சங்கதி. அது முன்பதிவின் அடையாளமே தவிரப் பணம் கட்டியதற்கான ரசீது ஆகாது. டிக்கெட்டில் எடைக்கு எதிரே 30K அல்லது 2PC என்று அச்சாகியிருப்பது இலவசமாகக் கிடைக்கும் எடையை மட்டுமே குறிக்கும். முதலாவது 30 கிலோ, இரண்டாவது இரண்டு உருப்படி. நாம் வாங்கிய கூடுதல் 10 கிலோ பொதுவாக அந்த இடத்தில் ஏறாது. அக்கா டிக்கெட்டைக் காட்டினாள், கவுன்டர் பெண்ணும் டிக்கெட்டைப் பார்த்தார், இருவருக்கும் 30 என்றே தெரிந்தது. இருவருமே பார்க்க வேண்டிய தாள் அது இல்லை.

சரி, நிறுவனத்தின் கணினிக்கே இது தெரிந்திருக்க வேண்டாமா? பெரும்பாலும் தெரியும். சிக்கலே வராமல் லட்சக்கணக்கானோர் பறக்கிறார்கள். இருக்கைக்கும் பெட்டிக்குமான EMD, டிக்கெட்டின் குறிப்பிட்ட பயணக் கூப்பனோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கும். கவுன்டரில் டிக்கெட்டைத் திறந்தால் முடிச்சோடு அதுவும் கூடவே வரும். முடிச்சு அவிழ்வது டிக்கெட் மாறும்போது. விமான நேரம் மாறுகிறது, அல்லது வேறு விமானத்துக்கு மாற்றுகிறார்கள், அல்லது நாமே தேதியை மாற்றுகிறோம். பழைய டிக்கெட் போய்ப் புது எண்ணோடு புது டிக்கெட் வருகிறது. EMD பழைய டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது. அதைப் புது டிக்கெட்டோடு மறுபடி இணைக்க வேண்டும். சில நிறுவனங்களின் கணினி தானே இணைத்துவிடும், சில சமயம் ஒரு மனிதர் உட்கார்ந்து இணைக்க வேண்டியிருக்கும். யாரும் இணைக்காவிட்டால் பணம் எங்கும் போய்விடுவதில்லை. OPEN என்ற நிலையில் அந்தரத்தில் நிற்கும்.

அக்காவின் பயணத்தில் நடந்தது இதுவே. புறப்பாட்டுக்கு மூன்று வாரம் முன்பு விமான நேரம் மாறியது. நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது. அந்த மின்னஞ்சல் எனக்கு வரவில்லை, அக்காவுக்கும் வரவில்லை. டிராவல்ஸ்காரரின் முகவரிக்குப் போனது. ஏனென்றால் முன்பதிவில் அவர் தம்முடைய எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டிருந்தார். மாற்றத்தை ஒப்புக்கொண்டு, டிக்கெட்டை மறுபடி வெளியிட்டு, புதுத் தாளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நேரத்தைப் பார்த்தேன். வேறெதையும் பார்க்கவில்லை. இருக்கை எண் அந்தத் தாளில் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் மூன்று வாரம் முன்பே இது பிடிபட்டிருக்கும்.

தம் எண்ணையே போடுவது நம் ஊர் முகவர்களிடம் வேரூன்றிய வழக்கம். அதற்கு அவர்கள் சொல்லும் காரணமும் பொய்யில்லை. வயதான பயணிக்கு ஆங்கிலத்தில் செய்தி வந்தால் பயந்துபோய் முகவரையே கூப்பிடுவார், அதற்குத் தாமே வாங்கிக்கொள்வது எளிது. ஆனால் ஐயாட்டாவின் 830d தீர்மானம், பயணியிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் அவருடைய சொந்தத் தொடர்பு விவரத்தை முன்பதிவில் சேர்க்க வேண்டும் என்று முகவர்களுக்குச் சொல்கிறது. அதற்கென்றே CTCM என்று செல்போனுக்கும் CTCE என்று மின்னஞ்சலுக்கும் தனிக் குறியீடுகள் இருக்கின்றன. முகவரின் எண்ணோடு பயணியின் எண்ணையும், பயணிக்கு வாசிக்க முடியாவிட்டால் அவர் பிள்ளையின் எண்ணையும் சேர்ப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

முகவரை மட்டும் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. துபாயிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ பிள்ளைகள் தங்கள் கார்டில் டிக்கெட் போட்டு அம்மா அப்பாவை அழைக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். அங்கேயும் இதே ஓட்டை இருக்கிறது. டிக்கெட் ஒரு மின்னஞ்சலில் வரும், இருக்கைக்கும் பெட்டிக்குமான ரசீது தனி மின்னஞ்சலில் வரும். பிள்ளை முதலாவதை மட்டும் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, “சீட்டு, லக்கேஜ் எல்லாம் போட்டாச்சும்மா, நீ கவலப்படாத” என்று சொல்லிவிடுவார். அம்மாவும் கவலைப்படாமல் கவுன்டருக்குப் போவார்.

எது ரசீது, எது ரசீது இல்லை என்பதில் நமக்குள்ள குழப்பத்தையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். போனில் பணம் அனுப்பியதும் வரும் செய்தி, என் கணக்கிலிருந்து ஒருவருக்குப் பணம் போனதைச் சொல்கிறது. எதற்காக, யாருக்காக என்று அது சொல்லாது. முகவர் தரும் பில், பணம் அவரிடம் வந்ததையும் எதற்கென்பதையும் சொல்கிறது. ஆனால் அவர் நிறுவனத்துக்குக் கட்டினாரா என்பதைச் சொல்லாது. EMD மட்டுமே பணம் நிறுவனத்தைச் சேர்ந்து, இன்ன பயணிக்கு, இன்ன வழித்தடத்தில், இன்ன சேவைக்கு எடுக்கப்பட்டது என்று சொல்கிறது. மூன்றும் ஒரு சங்கிலி. கவுன்டரில் செல்லுபடியாவது கடைசிக் கண்ணி. பின்னால் வழக்கு என்று வந்தால் மூன்றுமே வேண்டும்.

மலிவுக் கட்டண நிறுவனங்கள் பலவற்றில் EMD என்ற ஏற்பாடே இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே முன்பதிவுத் தாளிலேயே இருக்கை எண், வாங்கிய எடை, அதற்கான தொகை எல்லாம் வரிவரியாக இருக்கும். ஜி.எஸ்.டி. பில்லையும் அவர்கள் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அவர்களிடம் அந்தத் தாள்தான் சான்று. நேரம் மாறிப் புதுத் தாள் வந்தாலும் பழையதை அழித்துவிடக் கூடாது. பழையதில் இருந்து புதியதில் காணாமல் போன வரியைக் காட்ட அது ஒன்றுதான் வழி.

ரசீது இருந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. அது பணம் கட்டியதற்குச் சான்று. இருக்கைக்கு உத்தரவாதம் இல்லை. விமானத்தின் ரகம் மாறினால் இருக்கை வரிசையே மாறிப்போகும். அவசர வழிக் கதவையொட்டிய அகலமான இருக்கையைப் பணம் கட்டி வாங்கினாலும், ஆபத்தில் கதவைத் திறக்க உதவ முடியாதவரை அங்கே உட்கார வைக்க மாட்டார்கள். முழங்கால் வலிக்காரருக்கு அந்த இருக்கையை வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். எடையிலும் அப்படித்தான். 40 கிலோவுக்கு உரிமை இருந்தாலும் ஒரே பெட்டியில் 40 கிலோவை அடைத்துக்கொண்டு போனால் வாங்க மாட்டார்கள். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது, தூக்கிப் போடும் தொழிலாளியின் முதுகைக் காக்க உலகம் முழுக்க விமான நிலையங்களில் வைத்திருக்கும் வரம்பு. இரண்டு தனித்தனி டிக்கெட்டில் மாறிப் போகிறவருக்கு, முதல் விமானத்தில் வாங்கிய எடை இரண்டாவதில் செல்லாது. ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், விற்றவர் ஒருவர், பறக்கவிடுபவர் இன்னொருவர் என்றால், ஒருவரின் EMD மற்றவரின் திரையில் தெரியாமல் போக இடமுண்டு. ஐரோப்பாவிலிருந்து ஆசிரமத்துக்கு வருபவர்கள் பல நிறுவனங்கள் மாறி வருவதால், அவர்களிடம் இந்தக் கதை கூடுதலாகக் கேட்கக் கிடைக்கிறது. அச்சடித்த தாள் அவர்களுக்கு இன்னும் அவசியம்.

குழந்தையோடு போகிறவர்களுக்கு இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவையில்லாமல் பணம் கட்டுகிறார்கள். 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே PNR-இல் உடன் வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் ஒருவருக்குப் பக்கத்தில் இருக்கை தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் நம் நாட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. பிள்ளை தனியாக உட்கார்ந்துவிடுமோ என்ற பயத்துக்காக மட்டும் இருக்கை வாங்க வேண்டியதில்லை.

இனி, கையில் எண் இருந்தால் கவுன்டரில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். அக்காவிடம் அன்று அந்தத் தாள் இருந்திருந்தால், கவுன்டர் பெண் பதின்மூன்று இலக்கத்தைத் தட்டியதும் ஆவணம் திறந்திருக்கும். பெயர் அக்காவுடையது, நிலை OPEN, இணைப்பு பழைய டிக்கெட் எண்ணோடு என்று தெரிந்திருக்கும். அதைப் புது டிக்கெட்டோடு இணைக்க அவருக்கே அதிகாரம் இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்; இல்லாவிட்டால் நிறுவனத்தின் டிக்கெட் கவுன்டருக்கு அனுப்பியிருப்பார். சில நிமிட வேலை. எண் இல்லாமல் பெயரை வைத்துத் தேடலாம் என்றால், பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நிற்கும் நேரத்தில் அது கைகூடாது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நிறுவனங்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. டிக்கெட்டை மறுபடி வெளியிடும்போது இணைப்பு அறுந்த ரசீதுகள் இருந்தால், பயணிக்கு அனுப்பும் அதே செய்தியில் அதையும் ஒரு வரியாகச் சொல்லலாம். பணத்தை வாங்கியவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

மறுபடி கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், கட்டிவிட்டுப் போவதே நல்லது. வாக்குவாதத்தில் விமானத்தை விடக் கூடாது. ஆனால் இரண்டாவது பணத்துக்கும் ரசீது கேட்டு வாங்க வேண்டும். போர்டிங் பாஸையும், பெட்டியில் ஒட்டும் வார்ச்சீட்டின் கிழித்த துண்டையும் ஊர் வந்த பிறகும் வைத்திருக்க வேண்டும். எத்தனை உருப்படி, எத்தனை கிலோ என்று அவற்றில் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். கவுன்டர் மெஷினில் வரும் வழவழப்பான ரசீது வெப்பத்தாள். நம் ஊர் வெயிலில் சில மாதங்களில் வெறும் வெள்ளையாகிவிடும். வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

எங்கள் விஷயத்தில் திரும்பக் கேட்பது எளிதாக முடிந்ததற்குக் காரணம் அந்த OPEN என்ற சொல். பயன்படுத்திய கூப்பன் USED அல்லது FLOWN என்று மாறிவிடும். பயணம் முடிந்த பிறகும் OPEN என்று நிற்கிற ரசீது, பணத்தை வாங்கியும் சேவையைத் தரவில்லை என்பதற்கு நிறுவனத்தின் பதிவேடே தரும் சாட்சி. பழைய டிக்கெட் எண், புது டிக்கெட் எண், பயன்படாத இரண்டு EMD எண்கள், அக்கா கவுன்டரில் கட்டிய பணத்துக்கான மூன்றாவது எண் ஆகிய ஐந்தையும் ஒரே கடிதத்தில் வரிசையாக எழுதி அனுப்பினோம். டிராவல்ஸ்காரரே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத உதவினார். ஏழாவது வாரம் பணம் வந்தது. நாமே விரும்பிப் பயணத்தை ரத்து செய்திருந்தால் இந்தக் கட்டணங்கள் பொதுவாகத் திரும்பி வராது. நேரத்தை மாற்றியது நிறுவனம் என்பதால்தான் நம் பக்கம் வலுவாக இருந்தது. நேரம் மாறியதாக வந்த மின்னஞ்சலும் அதனாலேயே ஒரு சான்று.

கடிதத்துக்குப் பதில் வராதவர்களுக்கு ஏர்சேவா தளம் இருக்கிறது, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, புகார் செய்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க வழி தருகிறது. நிறுவனத்தின் அலுவலகம் எங்கே இருந்தாலும் நம் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. 2025 முதல் இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். சேவைக்கு முறைப்படி ரசீது தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறையாக அதே சட்டம் எண்ணுகிறது. போனில் உள்ள படத்தையும் மின்னஞ்சலையும் சான்றாக வைப்பவர்கள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க நேரலாம். அதனால் மின்னஞ்சலை அழித்துவிட்டு அதன் படத்தை மட்டும் வைத்துக்கொள்வது தவறு. மூல மின்னஞ்சல் இருக்கட்டும்.

இவ்வளவு தூரம் போவதற்கு முன்பே, ஊரளவில் நாம் முடிவு செய்துகொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்காகவே இதை எழுதுகிறேன். டிக்கெட்டைப் போட்டுக் கொடுக்கும் நீளமான காகித உறை எல்லா டிராவல்ஸிலும் உண்டு. அதன் முன்பக்கம் கடையின் பெயரும் அண்ணாமலையார் படமும் இருக்கும், பின்பக்கம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் முகவர் தம் கையால் பெரிய எழுத்தில் எழுதட்டும்: PNR, டிக்கெட் எண், இருக்கைக்கான EMD, பெட்டிக்கான EMD, இரவில் எடுக்கக்கூடிய ஒரு போன் எண். உறைக்குள் டிக்கெட்டோடு அந்த ரசீதுத் தாள்களையும் அச்சடித்து வைக்கட்டும். டிக்கெட் மாறினால் பழைய உறையை வாங்கிக்கொண்டு புதியதை எழுதித் தரட்டும். பயணி அல்லது அவர் வீட்டார் இரண்டைச் செய்யட்டும். பணம் கட்டியவுடன் “ரசீது நம்பர் எங்கே?” என்று கேட்பது ஒன்று. நேர மாற்றம் வந்தவுடனும், புறப்பாட்டுக்கு மூன்று நாள் முன்பும் நிறுவனத்தின் தளத்தில் PNR-ஐப் போட்டுத் திறந்து, இருக்கையும் எடையும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்ப்பது இன்னொன்று. இருக்கை எண் மாறியிருந்தாலோ எடை வரி காணாமல் போயிருந்தாலோ, பகல் வெளிச்சத்தில் முகவர் கடை திறந்திருக்கும்போதே சரிசெய்துவிடலாம். உறையைப் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கவுன்டரில் பெட்டியைத் திறந்து துணிகளைக் கலைத்தவர்களையும் அன்றிரவு பார்த்தேன்.

பௌர்ணமிதோறும் வெளியூர்க்காரர்கள் லட்சக்கணக்கில் வந்து போகும் ஊர் இது. தீபத்துக்கு இணையத்தில் கட்டணச் சீட்டு எடுத்தவர்கள் அதை அச்சடித்து, ஆதாரோடு மடியில் முடிந்துகொண்டு வாசலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சீட்டு கையில் இருக்க வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை. விமானத்தில் சீட்டு ஒன்றில்லை, இரண்டு மூன்று என்பது மட்டும்தான் புதிது.

அக்கா ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வர டிக்கெட் போட்டபோது அதே டிராவல்ஸுக்குத்தான் போனேன். அவர் உறையின் பின்பக்கத்தைத் திருப்பி, நான் சொல்லாமலே நான்கு வரி எழுதினார். முன்பதிவில் அக்கா மகளின் எண்ணையும் சேர்த்திருந்தார். அதைப் படமெடுத்து சிங்கப்பூருக்கு அனுப்பினேன். அக்கா மகள் அதை அச்சடித்துக் கொடுத்திருக்கிறாள். அது போதாதென்று அக்கா, மளிகைக் கணக்கு எழுதும் தன் சின்ன நோட்டில் இருபத்தாறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தமிழில் “சீட்டு”, “பெட்டி” என்று பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தாள். பேரன் படம் ஒட்டியிருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அந்த எண்கள் இன்னும் இருக்கின்றன.